நடுவில் இருந்த பெட்டி

சுங்கை சிப்புட்டில் சுவரில் டிவி மாட்ட வேண்டுமென்றால் பத்துமலையைத்தான் கூப்பிட வேண்டும். இதை ஊரும் சொல்லும், அவரும் சொல்வார். அவர் கொஞ்சம் அதிகமாகவே சொல்வார்.

சொல்லட்டுமே. லிந்தாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு. தோட்டத்து லயத்து வீட்டில் கெட்டுப்போய்க் கிடந்த கறுப்பு வெள்ளை டிவியைத் திறந்து, கையில் கரண்டு அடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தானாகவே தொழிலைக் கற்றவர். எவனும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று சனங்களை வெளியேற்றியபோது மற்றவர்கள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார்கள். பத்துமலை கடைத்தெருவில் கால் கடை வாடகைக்கு எடுத்தார். இன்றைக்கு முழுக்கடையும் அவருடையது, மாடியும் அவருடையது. வயது அறுபத்து நான்கு. இப்போதும் ஏணியில் ஏறினால் இறங்குவதற்குள் இரண்டு துளை போட்டுவிடுவார்.

அவர் வேலைக்கு ஒரு முத்திரை உண்டு. வீட்டில் சேனல் பார்க்க ஆஸ்ட்ரோ டிகோடர் இருக்கும், கரோக்கே இருக்கும், பிள்ளைகள் விளையாடும் கேம் கன்சோல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர் என்று டிவிக்குப் பின்னால் கொடி படர்ந்த மாதிரி தொங்கவிடுவது சோம்பேறி வேலை. பத்துமலை அப்படிச் செய்ய மாட்டார். எல்லாவற்றையும் கீழே அலமாரிக்குள் ஒரு சின்ன சுவிட்ச் பெட்டியில் சேர்ப்பார். அந்தப் பெட்டியிலிருந்து டிவிக்கு ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ. வயர். அதையும் சுவரை வெட்டிப் பதித்து, சிமெண்டு பூசி, சாயம் அடித்துவிடுவார். அந்தச் சின்னப் பெட்டிகளைப் பல வருடத்துக்கு முன்னால் ஈப்போவில் மொத்தமாக வாங்கி வைத்திருந்தார். ஒன்றுகூட இதுவரை ரோசாக் ஆகிக் கெட்டுப்போனதில்லை என்பது அவர் பெருமை.

வேலை முடிந்ததும் படத்தைத் தன் கண்ணுக்குப் பிடித்த மாதிரி வைப்பார். நிறம் தூக்கலாக, அசைவு எல்லாம் வழவழவென்று வெண்ணெய் ஓடுகிற மாதிரி. பிறகு ரிமோட்டை வீட்டுக்காரர் கையில் கொடுத்து ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "சத்தம் கூட்டலாம், சேனல் மாத்தலாம். செட்டிங்கைத் தொடாதீங்க. தொட்டா நான் வரமாட்டேன்."

கலாதேவி வீட்டுக்கும் அப்படித்தான் மாட்டினார். கலாதேவி ஈப்போவில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறவள். அவள் அம்மாவும் பத்துமலையும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள், அதனால் அவளுக்கு அவர் மாமா. புது டிவி, நல்ல டிவி, பத்துமலை கடையிலேயே எடுத்தது. கன்சோலை மட்டும் ஈப்போவில் ஜோன் கடையில் வாங்கியிருந்தாள். அவள் தம்பி ஜொகூரில் இருக்கிறான். வேலை முடிந்ததும் இவள் இங்கே, அவன் அங்கே, கார் பந்தயம் விடுவார்கள். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதே அந்த நேரத்தில்தான்.

இரண்டு வாரம் போகவில்லை, போன் வந்தது.

"மாமா, கோவிச்சிக்காதீங்க. பொத்தானை அமுக்கினா கார் பொறவுதான் திரும்புது. வேகமா போறப்ப படம் குறுக்கால கிழிஞ்ச மாதிரி வருது. தம்பி சிரிக்கிறான், நீ கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுறியான்னு."

"நீ செட்டிங்கைத் தொட்டியா?"

"ஐயோ, சத்தியமா தொடலை மாமா!"

பத்துமலை போய்ப் பார்த்தார். கலாதேவி சொன்னது சரிதான். கன்சோலின் திரை அமைப்புப் பக்கத்தை அவளே திறந்து காட்டினாள். அதில் இரண்டு வரி. ஒன்று வி.ஆர்.ஆர். கன்சோல் படத்தை ஒரு நேரம் வேகமாகத் தரும், ஒரு நேரம் தாமதமாகத் தரும். டிவியும் அதற்கு ஏற்றபடி தன் வேகத்தை மாற்றிக்கொண்டு கூடவே நடக்கும் ஏற்பாடு அது. அது இருந்தால் கிழிசல் வராது. இன்னொன்று ஏ.எல்.எல்.எம். விளையாட்டு தொடங்கினதும் கன்சோல் டிவிக்கு ஒரு சைகை கொடுக்கும். டிவி தன் ஒப்பனை வேலைகளையெல்லாம் தானாக நிறுத்திவிட்டு, அமுக்கியதை உடனே காட்டும். இரண்டுக்கும் எதிரே, இணைத்திருக்கும் சாதனம் ஆதரிக்கவில்லை என்று எழுதியிருந்தது.

"டிவி வந்த அட்டைப்பெட்டியில போட்டிருந்திச்சே மாமா, இந்த டிவிக்கு ரெண்டும் உண்டுன்னு."

"டிவியில உண்டு. என் கடை டிவியில இல்லாம இருக்குமா? கன்சோல்தான் கோளாறு. எங்க வாங்கின?"

"ஜோன் அண்ணன் கடையில."

"சரியாப் போச்சு!" என்றார் பத்துமலை. அந்தச் சொல்லில் ஒரு மகிழ்ச்சி இருந்ததை அவரே கவனித்தார், கவனித்தும் விட்டுவிட்டார். ஜோன் சின்ன வயதுக்காரன். கணினி படித்தவன். கடை திறந்து நாலு வருடத்தில், சுங்கை சிப்புட்டுப் பிள்ளைகள் எல்லாம் பஸ் ஏறி அவனிடம் போகிறார்கள்.

சனிக்கிழமை கலாதேவியையும் கன்சோலையும் நாலு கதவு லோரியில் ஏற்றிக்கொண்டு ஈப்போ போனார். ஜோன் கடையில் நிற்க இடமில்லை. பள்ளிப் பிள்ளைகள், அப்பாமார், ஒரு சீன அம்மா, எல்லாரும் இருந்தார்கள். பத்துமலை வாசலிலேயே தொடங்கினார்.

"தம்பி, நல்ல சாமான் விக்கிறியா, குப்பை விக்கிறியா?"

ஜோன் கவுண்டரைச் சுற்றி வெளியே வந்தான். "வாங்க அங்கிள். உள்ள வாங்க, உக்காருங்க. என்ன ஆச்சு?"

"உக்கார வரலை. வி.ஆர்.ஆர். வரலை, அந்த இன்னொண்ணும் வரலை. புது டிவி. நான் மாட்டின டிவி."

ஜோன் பொறுமையாகத்தான் கேட்டான். "டிவியில எந்த எச்.டி.எம்.ஐ. ஓட்டையில போட்டிருக்கீங்க அங்கிள்? எல்லா ஓட்டையிலயும் வராது லா. அப்புறம் டிவி பக்கமும் அந்த இன்புட்டைத் தொறந்து விடணும். நடுவுல ஏதாச்சும் இருக்கா? சவுண்ட் பார், சுவிட்ச் பெட்டி, அந்த மாதிரி?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலாதேவி வாயைத் திறக்கப் போனாள்.

"நடுவுல ஒண்ணும் இல்ல," என்றார் பத்துமலை. "நேரா வயர்தான். எனக்கே பாடம் எடுக்கிறியா? நீ பால் குடிச்சப்ப நான் டிவி பிரிச்சவன்!"

ஒரு பையன் சிரித்துவிட்டான். ஜோன் முகம் சிவந்தது. "நான் வீட்டுக்கு வந்து பாக்கட்டுமா அங்கிள்? நாளைக்கே வாரேன்."

"என் வேலையை நீ வந்து பாக்கறதா? வேற சாமான் குடு, அது போதும்."

ஜோன் புதுக் கன்சோல் ஒன்றை எடுத்துக் கலாதேவியிடம் கொடுத்தான். பழையதை வாங்கி வைத்துக்கொண்டான்.

லோரியில் திரும்பும்போது கலாதேவி மெல்லச் சொன்னாள். "மாமா, அலமாரிக்குள்ள அந்தப் பெட்டி இருக்கில்ல?"

"அது பெட்டியா? அது வயருக்கு வயர் சேர்க்கிற முடிச்சு. அதைப் போய் எண்ணுவாங்களா?"

அவள் கன்சோலை மடியில் சரித்து வைத்துக்கொண்டாள். மாமா என்றால் மாமாதான்.

புதுக் கன்சோலும் அதே பாட்டைப் பாடியது. அதே இரண்டு வரி, அதே ஆதரவு இல்லை. பத்துமலைக்கு இப்போது சந்தேகமே இல்லை. ஒரு சாமான் கோளாறு என்றால் தற்செயல், இரண்டும் கோளாறு என்றால் அவன் ஒதுக்கிப்போட்ட சரக்கைத்தான் விற்கிறான். மறுநாள் காலை டீக்கடையில் இதைச் சொன்னார். அவர் சொன்னால் பக்கத்து மேசைக்கும் கேட்கும், எதிர்க்கடைக்கும் கேட்கும். ராமையா அங்கே இருந்தார். தாமான் வீடமைப்புப் பகுதிக் குடியிருப்போர் சங்கத் தலைவர். சங்க மண்டபத்தில் இளைஞர்களுக்கென்று விளையாட்டு அறை போடப்போகிறார்கள். டிவியெல்லாம் வந்துவிட்டது, கன்சோல்கள் எடுப்பதும் பூட்டுவதும் பராமரிப்பதும் ஜோன் பொறுப்பு என்று பேசி வைத்திருந்தார்கள்.

"என்னண்ணே சொல்றீங்க? ரெண்டுமா?"

"ரெண்டும்! என் கண்ணால பாத்தேன். கர்த்தர் பேரைச் சொல்லிக் கடை நடத்துறான், சரக்கு இப்படி."

"சாந்த முகமா இருப்பானே அந்தப் பையன்."

"முகத்தையா டிவியில பூட்டப் போறீங்க?"

மேசை முழுக்கச் சிரித்தது. பத்துமலைக்கு அது இனித்தது. ராமையா தேத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார், பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அத்தோடு விட்டிருந்தால் பத்துமலைக்குக் கடைசிவரை ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு காரியத்தை அரைகுறையாக விடுகிற ஆள் அவர் இல்லை. ஆதாரத்தோடு படம் பிடித்து ராமையாவிடம் காட்டுவோம் என்று நினைத்தார். கலாதேவி வேலைக்குப் போயிருந்த நேரம், அவள் அம்மாவிடம் சொல்லிக் கன்சோலைத் தன் கடைக்கு எடுத்து வந்தார். கலாதேவி வீட்டில் மாட்டிய அதே மாதிரி டிவி கடை முகப்பில் காட்சிக்கு இருந்தது. காட்சி டிவிக்கு ஏது சுவிட்ச் பெட்டி? கன்சோலோடு வந்த வயரை எடுத்தார். டிவியின் பின்பக்கம் நாலு ஓட்டை. அதில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் 120 ஹெர்ட்ஸ் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. எத்தனையோ டிவி மாட்டியவர், இந்த எழுத்தை இதுவரை நின்று வாசித்ததில்லை. அதிலேயே செருகினார்.

டிவி அமைப்பைத் திறந்தார். ஜோன் சொன்னது காதில் இருந்தது, டிவி பக்கமும் திறந்துவிட வேண்டும் என்று. அந்த இன்புட்டின் சமிக்ஞை வடிவம் சாதாரணம் என்றிருந்தது. அதை மேம்பட்டது என்று மாற்றினார். கீழே வி.ஆர்.ஆர். அணைந்து கிடந்தது. அதையும் போட்டார். கன்சோல் பக்கம் போனார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். ஆங்கிலம் அவருக்குக் கடையில் கற்றதுதான். திரை, படம், பட வெளியீடு. அந்த இரண்டு வரியும் இப்போது உயிரோடு இருந்தன. வி.ஆர்.ஆர். தானியங்கி, ஏ.எல்.எல்.எம். தானியங்கி. ஆதரவு இல்லை என்ற வாசகம் எங்கேயும் இல்லை.

கார் பந்தயத்தைத் தொடங்கினார். டிவி மேல் ஓரத்தில் விளையாட்டு நிலை என்று ஒரு கணம் காட்டி மறைந்தது. யாரும் சொல்லாமல் தானே மாறிக்கொண்டது. பொத்தானை அமுக்கினார், கார் அப்போதே திரும்பியது. கிழிசல் இல்லை, திக்கல் இல்லை. அறுபத்து நாலு வயதுக் கையில் கார் சுவரில் மோதிக்கொண்டே இருந்தது, ஆனால் அவர் மோதச் சொன்ன இடத்தில் மோதியது.

கடையின் அலமாரியிலிருந்து ஒரு சுவிட்ச் பெட்டியை எடுத்து நடுவில் வைத்துப் பார்த்தார். இரண்டு வரியும் செத்தன. எடுத்தார், வந்தன. மறுபடி வைத்தார், செத்தன. அந்தப் பெட்டி வந்த காலத்தில் இந்த வி.ஆர்.ஆர். கிடையாது. படத்தைக் கடத்தும், சத்தத்தைக் கடத்தும். இந்தச் சைகைகளைக் கடத்த அதற்குத் தெரியாது. டிவியால் முடியும், கன்சோலால் முடியும். நடுவில் நின்று இருவரையும் பேசவிடாமல் செய்தது அவர் வைத்த பெட்டி.

பத்துமலை முகப்புக் கதவைப் பாதி இழுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே வெயில் கொளுத்தியது. அவருக்குக் காது சுட்டது. பெட்டி ஒரு பிழை, தொழிலில் பிழை வரும். ஆனால் 'நடுவுல ஒண்ணும் இல்ல' என்று சொன்னது பிழை இல்லை. அது தெரிந்தே சொன்ன சொல்.

அப்போதும் உடனே ஓடிப்போய் ஒப்புக்கொண்டார் என்று எழுதினால் அது கதையாகிவிடும். அவர் செய்தது வேறு. அன்று சாயங்காலமே கன்சோலை எடுத்துக்கொண்டு கலாதேவி வீட்டுக்குப் போனார். டிகோடரும் கரோக்கேயும் பழைய பெட்டியிலேயே இருக்கட்டும் என்று விட்டார். கன்சோலுக்கு மட்டும் புது வயர். சுவருக்குள் புதைத்திருந்த வயரை உருவ முடியாது. குழாய் போடாமல் நேரே சிமெண்டில் பதித்தவர் அவர்தானே. அதனால் சுவருக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும்படி, ஒரு கறுப்பு வயரை இழுத்து டிவியின் அந்த 120 ஓட்டையில் செருகினார். இரண்டு பக்கமும் அமைப்பை மாற்றினார்.

கலாதேவி விளையாடிப் பார்த்தாள். ஜொகூர்த் தம்பியின் குரல் போனில் கேட்டது: "அக்கா, இன்னிக்கு யாரு ஓட்டுறா? நீயா?"

"மாமா கைபட்டிச்சுடா!" என்று கத்தினாள் அவள். பிறகு பத்துமலை பக்கம் திரும்பினாள். "அந்த ஜோன் அண்ணன் ரெண்டு தடவை குப்பை குடுத்தும் நீங்க எப்படியோ ஓட வெச்சிட்டீங்க மாமா."

இப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ம்," என்றார். ஏணியை மடக்கினார். அவள் அம்மா கொடுத்த மைலோவைக் குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி புஷ்பலதாவுக்கு முகத்தைப் பார்த்தே தெரியும்.

"யார்கிட்ட வாயைக் குடுத்து வந்தீங்க?"

சொன்னார். முதலில் பெட்டியைச் சொன்னார், பிறகு கடையைச் சொன்னார், டீக்கடையைக் கடைசியில் சொன்னார்.

"ராமையா பொண்டாட்டி கோயில்ல சொன்னா," என்றாள் புஷ்பலதா. "மண்டபத்து வேலையை வேற கடைக்கு மாத்தியாச்சாம். அந்தப் பையன் ரெண்டு தடவை போன் பண்ணி என்ன தப்புன்னு கேட்டிருக்கான். ராமையா காரணமே சொல்லலையாம்."

"எனக்குத் தெரியாதே அது."

"தெரிஞ்சா மட்டும்? சோத்தைச் சாப்பிடுங்க. இல்லாட்டி எழுந்திரிங்க. பிசைஞ்சு பிசைஞ்சு கஞ்சியாக்கிட்டீங்க."

காலையில் டீக்கடைக்குப் போனார். ராமையாவின் எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தித்தான் தொடங்கினார். ஆனால் அந்த ஊரில் பத்துமலை குரல் தாழ்ந்தால் அதுவே செய்தி. நாலு பேர் திரும்பினார்கள்.

"ராமையா, ஜோன் சரக்கு நல்ல சரக்கு. கோளாறு நான் வெச்ச பெட்டியில. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

ராமையா தேத்தண்ணீரைத் தள்ளி வைத்தார். "அண்ணே, அன்னிக்குக் கண்ணால பாத்தேன்னீங்களே."

"பாத்தேன். தப்பாப் பாத்தேன்."

"நான் வேற கடைக்காரனுக்கு வாக்குக் குடுத்துட்டேனே. இனிமே எந்த மூஞ்சிய வெச்சு மாத்துவேன்?" ராமையாவின் குரலில் கோபம்கூட இல்லை, சலிப்புத்தான் இருந்தது. "உங்க சொல்லுன்னுதானே யாரையும் கேக்காம செஞ்சேன்."

பக்கத்து மேசையில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். அன்றைக்குச் சிரித்தவர்தான். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று தோன்றியது பத்துமலைக்கு.

அங்கிருந்து நேரே ஈப்போ. வேலை நாள், முற்பகல், ஜோன் கடை காலியாக இருந்தது. ஜோன் ஒரு கன்சோல் கைப்பிடியைப் பிரித்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் எழுந்து நின்றான். அந்த மரியாதைகூட இவரைக் குத்தியது.

பத்துமலை எல்லாவற்றையும் சொன்னார். பெட்டியை, ஓட்டையை, டிவி அமைப்பைத் திறக்காமல் விட்டதை, நடுவில் ஒன்றும் இல்லை என்று சொன்ன பொய்யை. டீக்கடையில் சொன்னதையும், மண்டபத்து வேலை எப்படிப் போனது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

ஜோன் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே கேட்டான். கடைசிச் செய்திக்குத்தான் அவன் கை நின்றது.

"நான் என்ன தப்பு செஞ்சேன்னு ரெண்டு நாளா யோசிச்சிட்டு இருந்தேன் அங்கிள்," என்றான். "எங்கப்பாகூட கேட்டாரு, நீ யார்கிட்டயாவது மரியாதை இல்லாம பேசினியான்னு."

"மன்னிச்சிக்கோ தம்பி."

"நீங்க என்னைக் குப்பை விக்கிறவன்னு சொன்னப்ப கடை நெறஞ்சிருந்திச்சு. இப்ப யாரு இருக்கா?" ஜோன் காலிக் கடையைக் கையால் காட்டினான். சத்தம் போடவில்லை. "எனக்கு மட்டும் சொல்றது ஈஸி லா அங்கிள்."

பத்துமலைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வயதுக்கு மரியாதை இல்லையா? இவ்வளவு தூரம் வந்து இறங்கியவனை இன்னும் இறங்கச் சொல்வதா? லோரிச் சாவியை இறுக்கிப் பிடித்தார். அந்தக் கோபம் முழுசாக எழுந்திருக்கவும் இல்லை, அதற்கு நிற்கக் காலில்லை.

"சனிக்கிழமை வாரேன்," என்றார்.

சனிக்கிழமை வந்தார். புஷ்பலதா சட்டையைத் தேய்த்துக் கொடுத்திருந்தாள். கூட வரட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றுவிட்டார். கடையில் நிற்க இடமில்லை. அன்றைக்கு இருந்த அதே ஆட்கள் இல்லை. அந்தச் சீன அம்மாவைக் காணோம், அப்பாமார் வேறு அப்பாமார். அன்றைக்குக் கேட்டவர்கள் அவர் சொன்னதை நம்பிக்கொண்டு எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களை எங்கே போய்த் தேடுவது?

பத்துமலை கவுண்டருக்குப் பக்கத்தில் நின்று, கையைத் தூக்கி, "ஒரு நிமிஷம்," என்றார். யாருக்கும் கேட்கவில்லை. எதிர்க்கடைவரை கேட்கிற குரல், இன்று கவுண்டரைத் தாண்டவில்லை. மறுபடி சொன்னார். கடை அமைதியானது.

"என் பேரு பத்துமலை. சுங்கை சிப்புட்டுல டிவி மாட்டுறேன். போன வாரம் இதே எடத்துல நின்னு, இந்தத் தம்பி குப்பை விக்கிறான்னு கத்தினேன். அவன் நடுவுல பெட்டி இருக்கான்னு கேட்டான், இல்லன்னு பொய் சொன்னேன். பெட்டி இருந்திச்சு. நான் வெச்ச பெட்டிதான். தம்பி சாமான்ல ஒரு குத்தமும் இல்ல."

ஒரு கூட்டம் சும்மா பார்த்தது. சிலர், இவர் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று நினைத்து மறுபடி அலமாரியைப் பார்க்கத் திரும்பினார்கள். பின்னாலிருந்து ஒருவர் மட்டும் கேட்டார்:

"அண்ணே, எங்க வீட்டுல மாட்டினது நீங்கதானே? எங்க வீட்டுலயும் அந்தப் பெட்டி இருக்கா?"

"இருக்கு," என்றார் பத்துமலை. "உங்க வீட்டுலயும் இருக்கு. கன்சோல் வெச்சிருக்கிற எல்லா வீட்டுலயும் இருக்கு. நான் வந்து மாத்தித் தாரேன்."

"எப்ப வருவீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் ஜோன் அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பி, "உங்க டிவி என்ன மாடல் அக்கா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தான். போகலாமா, இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தெரியாமல், ஆட்கள் இடித்துக்கொண்டு போக, பத்துமலை அங்கேயே நின்றார்.